எதைக் கேட்டாலும் ‘ம், சரி’

என் தம்பிக்கு இப்போது 20 வயது. இந்த நவம்பரில் பள்ளி முடிகிறது. அடுத்த மார்ச்சில் 21 ஆகிவிடும். அவனுக்கு இருப்பது லேசான அறிவுத்திறன் குறைபாடு. ஐகியூ ஏறக்குறைய 50க்கும் 70க்கும் இடையில் இருந்து, அன்றாட வேலைகளிலும் துணை தேவைப்பட்டால் மருத்துவர்கள் அப்படிச் சொல்வார்கள். ‘லேசான’ என்ற சொல்லைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் நிம்மதியடைந்து விடுவார்கள். ஆனால் அந்தச் சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. பார்த்தால் எதுவும் தெரியாது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவான், மேகி சமைப்பான், தமிழ்ப் படத்தின் வசனத்தை அப்படியே ஒப்பிப்பான். பத்து வெள்ளி கொடுத்து 6.70க்குச் சாப்பாடு வாங்கினால் மீதி எவ்வளவு வரவேண்டும் என்பது தெரியாது. கைப்பேசியில் 7:15 என்று இருந்தால் படிப்பான். “இன்னும் கால் மணி நேரத்தில் கிளம்பணும்” என்றால் உட்கார்ந்தே இருப்பான்.

இன்னொன்றும் உண்டு. எதைக் கேட்டாலும் “ம், சரி” என்பான்.

சிங்கப்பூரில் சிறப்புக் கல்விப் பள்ளிகள் பிள்ளைக்கு 13 வயது ஆகும்போதே அடுத்த கட்ட வாழ்க்கைக்கான தனித் திட்டத்தைத் தொடங்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் பெற்றோர், ஆசிரியர், பிள்ளை எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். எங்கே வசிப்பான், என்ன வேலை செய்வான், எப்படிப் போய் வருவான், பணத்தை யார் பார்ப்பது, நண்பர்கள் யார் என்று பல தலைப்புகள். தம்பியின் பள்ளியில் அந்தப் படிவத்தின் முதல் பகுதியே மாணவனின் சொந்த விருப்பம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த முதல் பகுதியை நிரப்பத்தான் எங்கள் வீட்டில் அதிக நாள் பிடித்தது. தம்பி 17 வயதில் மூத்த மாணவர் பிரிவுக்குப் போனபோது அம்மா அவனைக் கேட்டார். “கேக் செய்யற வேலை பிடிக்குமாடா?” “ம், சரி.” “செடி வளர்க்கறது?” “ம், சரி.” “ஹோட்டல்ல துணி மடிக்கிறது?” “ம், சரி.” மூன்றையும் அம்மா எழுதிக்கொண்டு போனார். அதைப் பார்த்த வகுப்பாசிரியை சிரித்துவிட்டு, தம்பியிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். “பேக்கரியா, தோட்டமா?” என்றதும் “தோட்டம்” என்றான். வேறு எதையோ பேசிவிட்டு, சற்று நேரம் கழித்து “தோட்டமா, பேக்கரியா?” என்றார். “பேக்கரி” என்றான். கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான்.

இது என் தம்பிக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை என்று ஆசிரியை விளக்கினார். சின்ன வயதிலிருந்து கேள்விகள் புரியாமல் போகும்போதெல்லாம், தலையாட்டினால் எதிரில் இருப்பவர் முகம் மலர்கிறது என்று இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் ‘ஆமாவா, இல்லையா’ என்று விடை வரும் கேள்வியைக் கேட்கவே கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும், பிறகு வரிசையை மாற்றி இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால்தான் அது விடை. அதுவும் பிடிபடாவிட்டால், செய்ய வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

பள்ளி அப்படித்தான் செய்தது. பேக்கரி, தோட்டம், சமையலறை என்று ஒவ்வொன்றிலும் சில வாரங்கள். அவனிடம் ‘பிடிச்சிருக்கா’ என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியை ஒரு சின்ன அட்டவணையில் நான்கு விஷயங்களைக் குறித்து வந்தார். சொல்லாமலே வேலையைத் தொடங்குகிறானா, எத்தனை முறை கழிப்பறைக்குப் போகிறான், எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கிறான், வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசுகிறானா. நான்காவதைக் கவனித்து எழுதி அனுப்புவது என் வேலை. பேக்கரியில் மாவு கையில் ஒட்டுகிறது என்று ஓயாமல் கை கழுவிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலியோரம் போய் பஸ் பார்த்துக்கொண்டு நின்றான். சமையலறையில், பாத்திரம் கழுவும் பகுதியில், இடைவேளை மணி அடித்தும் நகரவில்லை. வீட்டுக்கு வந்து இயந்திரத்தின் சத்தத்தை வாயால் செய்து காட்டினான்.

அம்மாவுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. “எச்சில் தட்டு கழுவவா இவனைப் பெத்து வளர்த்தேன்?” என்றார். அப்பா பதிலே சொல்லவில்லை. அவர் மனதில் குளிரூட்டிய அலுவலகமும் நகலெடுக்கும் இயந்திரமும் இருந்தன. அடுத்த கூட்டத்தில் ஆசிரியை சொன்ன காரணம் எனக்கு இன்றும் சரியாகத் தோன்றுகிறது. அழுக்குத் தட்டு ஒரு பக்கம் உள்ளே போகிறது, ஒரு சில நிமிடங்களில் மறுபக்கம் சுத்தமாக வருகிறது. வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவன் கண்ணுக்குத் தெரிகிறது. நகலெடுக்கும் அறையில் ‘இதை அவரிடம் கொடு, அவர் இல்லாவிட்டால் பிறகு பார்’ என்று எதுவும் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அம்மா பாதி மனதோடுதான் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்கு முன்னால் வழி. நாங்கள் இருப்பது ஹவ்காங். பள்ளி ஏற்பாடு செய்த வேலைப் பயிற்சி ஃபேரர் பார்க் அருகே ஒரு ஹோட்டல் சமையலறையில். வடகிழக்குப் பாதையில் ஆறாவது நிலையம், ரயில் மாற வேண்டியதில்லை. நமக்கு அது ஒரே பயணம். ஆசிரியை அதை எழுதிக் காட்டியபோது 19 படிகள் இருந்தன. கதவைப் பூட்டுவது, மின்தூக்கியில் ‘1’ அழுத்துவது, பச்சை மனிதன் வரும்வரை நிற்பது, அட்டையைத் தட்டுவது, ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் போகும் ரயிலா என்று பார்ப்பது என்று நீண்டது பட்டியல். ஒவ்வொரு படிக்கும் எதிரே கட்டம். தானாகச் செய்தால் ஒரு குறி, சைகை காட்டிச் செய்தால் இன்னொன்று, வாயால் சொல்லிச் செய்தால் மற்றொன்று. ஒரு வாரம் கழித்துப் பட்டியலைப் பார்த்தால் 15 படிகள் அவனுக்குத் தெரிந்தவையே. நான்கில் மட்டும்தான் தடுமாற்றம். அம்மா தினமும் பேசிக்கொண்டே கூட நடந்ததில் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அந்த நான்கில் மோசமானது எந்த ரயில் என்பது. நடைமேடையின் இரு பக்கமும் ரயில் வரும், எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவான். பெயரைப் படித்து ஒப்பிடுவது அவனுக்கு மெதுவான வேலை, கதவு அதற்குள் மூடிவிடும். அதனால் ரயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் நிற்கும் இடத்தை நிலைப்படுத்தினோம். மின்படியிலிருந்து இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்பி எந்தக் கதவின் முன்னால் நிற்க வேண்டும் என்று படம் எடுத்து அவன் கைப்பேசியில் வைத்தோம். இறங்கிய பிறகு வெளிவாசலைக் கண்டுபிடிக்க எழுத்துகளும் அம்புக்குறிகளும் உதவவில்லை. பெருமாள் கோயில் கோபுரம் உதவியது. கோபுரம் தெரிந்தால் சரியான வாசல், தெரியாவிட்டால் திரும்பிக் கீழே இறங்கு. சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் பால்குடம் புறப்படுவதைப் பார்க்க அங்கே போனவன்தான், அதனால் அந்தக் கோபுரத்தில் அவனுக்குச் சந்தேகமே வராது.

துணையை விலக்குவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பக்கத்தில், பிறகு இரண்டடி பின்னால், பிறகு அதே பெட்டியின் மறுகோடியில், பிறகு அடுத்த பெட்டியில், கடைசியில் ஃபேரர் பார்க்கில் காத்திருப்பது. தொடர்ந்து ஐந்து நாள் யாரும் வாயைத் திறக்காமல் வந்து சேர்ந்தால் அடுத்த கட்டம். ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து. நான் வேலைக்குப் போகும் முன் அடுத்த பெட்டியில் முகக்கவசமும் தொப்பியும் போட்டு நின்றிருக்கிறேன், துப்பறியும் படம் மாதிரி.

வழி தெரிந்ததோடு பயிற்சி முடியவில்லை. வழி தவறினால் என்ன செய்வது என்பதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காக வேண்டுமென்றே ஒரு நாள் அவனோடு பேச்சுக் கொடுத்து ஃபேரர் பார்க்கைத் தாண்டி லிட்டில் இந்தியாவரை கூட்டிக்கொண்டு போனார் ஆசிரியை. அங்கே இறங்கி எதிர்ப்பக்கம் ஏறி ஒரு நிலையம் திரும்ப வேண்டும். இன்னொரு நாள் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். சீருடை அணிந்த நிலைய ஊழியரிடம் போய்ச் சட்டைப் பையிலுள்ள அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையில் அவன் பெயரும் என் எண்ணும் மட்டும் இருக்கும். ரயில் பழுதாகி எல்லாரையும் இறக்கிவிட்டால்? அப்போதும் அதே அட்டைதான். பத்துச் சூழ்நிலைக்குப் பத்து விடை சொல்லித் தரவில்லை. ‘குழப்பமா இருந்தா சீருடை’ என்ற ஒரே விதி.

வேலைப் பயிற்சி கல்வி அமைச்சும் எஸ்ஜி எனேபலும் சேர்ந்து 2014ல் தொடங்கிய, பள்ளியிலிருந்து வேலைக்கு மாறும் திட்டத்தின்கீழ் வந்தது. இறுதியாண்டு மாணவர்களில் வேலை செய்யத் தயாராக இருப்பவர்களைப் பயிற்சிக்கு அனுப்பி, கூடவே ஜாப் கோச் ஒருவரையும் கொடுப்பார்கள். எங்களுக்கு வந்தவர் ஓர் இளைஞர். முதல் நாள் தம்பியோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஆன்ட்டியின் பக்கத்தில் நின்று, அவர் செய்வதைத் தானும் செய்து, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். மிச்சத்தைத் தள்ளு, தண்ணீர் அடி, கூடையில் அடுக்கு, உள்ளே தள்ளு, ஆறவிடு, துடைக்காமல் அடுக்கு. அதைப் படங்களாக்கிச் சுவரில் ஒட்டினார். அந்தப் பகுதியைத் தம்பி நான்கே நாளில் பிடித்துக்கொண்டான்.

மேற்பார்வையாளரின் புகார் வேறு இடத்திலிருந்து வந்தது. “நல்ல பையன், ஆனால் சோம்பேறி. சும்மாவே நிற்கிறான்.” கோச் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கவனித்தார். தட்டு வரும்போது அவன் ஒரு நொடியும் நிற்கவில்லை. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவே தட்டு வராத அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நின்றான். படத்தில் அடுத்து என்ன என்று இல்லையே. மற்றவர்கள் அந்த நேரத்தில் தாங்களாகவே கரண்டி துடைப்பார்கள், தரையைக் கூட்டுவார்கள். யாரும் சொல்லாத வேலையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். வேலை போவதும் பெரும்பாலும் இதனால்தான், தட்டு சரியாகக் கழுவாததால் அல்ல என்றார் கோச். ‘தட்டு இல்லையா?’ என்று தலைப்பிட்டு இன்னொரு படத்தாள் ஒட்டினார். கரண்டி துடை. கோப்பை அடுக்கு. இரண்டும் முடிந்ததா, ஆன்ட்டியைக் கேள். அத்தோடு சோம்பேறிப் பட்டம் போயிற்று.

இங்கேயும் ‘ம், சரி’ விடவில்லை. மேற்பார்வையாளர் ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லி, “புரிஞ்சுதா?” என்பார். சரி என்பான், கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்வான். கோச் மேற்பார்வையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். ‘புரிஞ்சுதா’ என்று கேட்காதீர்கள், ‘செய்து காட்டு’ என்று சொல்லுங்கள். அவர் கொஞ்சம் கடுமையான மனிதர்தான், ஆனால் இதைச் செய்தார். இப்போது புதிதாகச் சேரும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறாராம். நிறுவனத்துக்கும் இதில் சுமை முழுவதும் இல்லை. மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் உடற்குறையுள்ள சிங்கப்பூரரை வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை அரசாங்கம் ஈடு செய்கிறது. அறிவுத்திறன் குறைபாடும் அதில் சேரும்.

இரண்டாம் மாதம் அவனுடைய பயிற்சிப் படியில் 40 வெள்ளி குறைந்தது. திட்டாமல், மிரட்டாமல் கேட்டதில் வந்தது கதை. உடன் வேலை செய்யும் ஒருவர் வாரம் ஒரு முறை ‘பத்து வெள்ளி இருக்கா, தம்பி’ என்று கேட்டிருக்கிறார். ம், சரி. அப்பா ஹோட்டலுக்கே போகக் கிளம்பிவிட்டார். கோச் அவரைத் தடுத்து, நிர்வாகத்திடம் தானே பேசி முடித்தார். ஆனால் அந்த ஆள் போனால் இன்னோர் ஆள் வருவார். ஆக, தம்பிக்கு ‘இல்லை’ என்று சொல்லக் கற்றுத்தர வேண்டும். வீட்டில் நாடகம் போட்டோம். நான் ஆளாக நடிப்பேன், அவன் “அக்காவைக் கேக்கணும்” என்பான். முதல் வாரம் நூறு முறையும் பணப்பையை எடுத்தான். மூன்றாம் வாரம் பிடிபட்டது. பிடிபட்டதும் அதை முதலில் பயன்படுத்தியது பணத்துக்கு இல்லை, அம்மாவின் பாகற்காய்க்கு. பிறகு குளிக்க, பிறகு தாத்தா வீட்டுக்கு வர. “இது என்ன கொடுமை, நல்லாத்தானே இருந்தான்” என்று அம்மா புலம்பினார். எனக்கென்னவோ அந்தப் பத்து நாளும் திருவிழா மாதிரி இருந்தது.

அவன் இல்லை சொல்லப் பழகியது 21 வயது விஷயத்தில் உதவும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 21 ஆனதும் பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் அவனுக்காக வங்கியிலோ மருத்துவமனையிலோ முடிவெடுக்க முடியாது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெற்றோரோ மற்றவரோ அவனுடைய சட்டபூர்வப் பிரதிநிதியாவது. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பெற்றோருக்கு இந்த விண்ணப்பத்தில் உதவ ஒரு திட்டமும் உண்டு. பல குடும்பங்களுக்கு அதுவே சரியான வழி. இன்னொன்று, எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். இதில் நீதிமன்றம் ஆளை நியமிப்பதில்லை. தனக்கு முடியாமல் போகும் காலத்தில் யார் முடிவெடுக்கலாம் என்று அவனே எழுதிக் கொடுக்கிறான். அதற்கு அவனுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், செய்வது என்னவென்று புரிந்திருக்கவும் வேண்டும்.

குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால் எல்பிஏ கிடையாது என்றுதான் எங்கள் சுற்றத்தில் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனநல ஆற்றல் சட்டப்படி, முடியாது என்று நிரூபிக்கப்படும்வரை ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்றே கொள்ள வேண்டும். எளிய சொல்லில், படம் காட்டி, நேரம் கொடுத்து விளக்கிப் பார்க்காமல் ‘இவருக்கு ஆகாது’ என்று சொல்லக்கூடாது. பார்க்கப்படுவது நான்குதான். சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும்வரை நினைவில் நிற்கிறதா, இதா அதா என்று எடைபோட முடிகிறதா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா. அதை நேரில் சோதித்துச் சான்றளிப்பவர் மனநல மருத்துவராகவோ, வழக்கறிஞராகவோ, இதற்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவராகவோ இருக்க வேண்டும். பத்திரத்தால் பயன்பெறும் குடும்பத்தினர் அருகில் இல்லாமல் தனியே பேசுவார்கள். அங்கே ‘ம், சரி’ செல்லாது. தன் சொல்லில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்ததுபோல ஒலித்தாலும் ஆபத்துதான்.

அதனால் எங்கள் வீட்டில் யாரும் விடை சொல்லித் தருவதில்லை. சாப்பாட்டு மேசையில் படம் வரைந்து பேசுகிறோம். ஒரு நாள் தம்பி மயங்கிக் கிடப்பதாக ஒரு படம், பக்கத்தில் டாக்டர், டாக்டர் யாரைக் கேட்க வேண்டும்? “அம்மாவா, அக்காவா?” என்றேன். “அக்கா.” இரண்டு நாள் கழித்து வரிசையை மாற்றினேன். “அக்காவா, அம்மாவா?” “அக்கா”தான். ஏன் என்று கேட்டதற்கு, “அம்மா அழுவாங்க. அழுதா டாக்டர் சொல்றது கேக்காது” என்றான். அம்மா அடுப்படியில்தான் இருந்தார். குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, “பணத்துக்கு யாரு, அதையும் கேளு” என்றார். பணத்துக்கு அப்பா. காரணமும் சொன்னான். அப்பா பத்து வெள்ளி கேட்க மாட்டார்.

எடைபோடுவது என்றால் வேறென்ன, தெரியவில்லை. மருத்துவர் என்ன சொல்வார் என்பது மார்ச்சுக்குப் பிறகுதான். அவர் மறுத்தால் நீதிமன்ற வழி இருக்கிறது, அதற்கான தாள்களையும் அப்பா ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். மத்திய சேம நிதியில் சிறப்புத் தேவையுடையோர் சேமிப்புத் திட்டத்துக்கு அம்மா விண்ணப்பித்துவிட்டார். அதன்படி, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய சேம நிதிப் பணம் தம்பிக்கு மொத்தமாகப் போகாமல் மாதாமாதம் போகும். பத்து வெள்ளிக் கதைக்குப் பிறகு இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹோட்டல் டிசம்பரிலிருந்து வேலை தருகிறது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம். கோச் முதலில் அடிக்கடி வருவார், போகப்போகக் குறைப்பார். படிவத்தில் பெரும்பாலான கட்டங்கள் நிரம்பிவிட்டன. நண்பர்கள் என்ற கட்டம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளி முடிந்தால் தினமும் பார்த்த பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பக்கம் போய்விடுவார்கள், யாரும் தாமாக அழைத்துச் சந்திக்கும் பழக்கம் உள்ளவர்கள் இல்லை. இரண்டு அம்மாக்களோடு பேசி, மாதத்தின் முதல் ஞாயிறு ஹவ்காங் உணவங்காடியில் மூன்று பையன்களும் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பெரியவர்கள் வேறு மேசையில் உட்காருவது என்று ஒப்பந்தம். போன முறை மூவரும் ஒரு மணி நேரத்தில் மொத்தம் பத்து வாக்கியம் பேசியிருப்பார்கள். திரும்பும் வழியில் அடுத்த ஞாயிறு எப்போது என்று தம்பி மூன்று முறை கேட்டான். அம்மாக்களால் முடியாமல் போனால் அந்தச் சந்திப்பை யார் ஏற்பாடு செய்வது என்று ஆசிரியை அந்தக் கட்டத்தின் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறார். அதற்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை.